மறுமணமும் பதினொன்றாம் இடமும்

மறுமணத்திற்காக ஒரு ஜாதகம் சோதிடரின் முன் விரிக்கப்படும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி, இரண்டாவது துணை எப்படி அமையும் என்பதன்று. முதல் மணம் எந்த இடத்தில், எந்தத் தசையில், எதனால் முறிந்தது என்பதே. முதல் மணத்தின் வரலாற்றை ஜாதகத்தில் அடையாளம் காண முடியாத சோதிடர், இரண்டாவதைப் பற்றிச் சொல்லும் எதையும் ஊன்றி நின்று சொல்ல இயலாது. ஆகவே மணமான ஆண்டு, பிரிந்த அல்லது துணையை இழந்த ஆண்டு ஆகியவற்றை மறைத்து வைத்துவிட்டுச் சோதிடரே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கும் குடும்பத்தார், பலனைச் சோதித்துப் பார்ப்பதற்கான ஒரே வாய்ப்பைத் தாமே இழக்கின்றனர்.

பிறந்த நேரத்தில் கீழ்வானில் உதயமாகும் ராசியே லக்னம்; அதிலிருந்து எண்ணப்படும் ஏழாம் இடம் வாழ்க்கைத் துணையைக் குறிக்கும் களத்திர ஸ்தானம் என்பதில் மரபினரிடையே கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாம் மணத்தை எங்கிருந்து பார்ப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. மூன்றாம் இடம் இளைய உடன்பிறப்பைக் குறிப்பதால், முதல் துணைக்கு இளையவராக வரும் இரண்டாம் துணையை, ஏழுக்கு மூன்றாவதான ஒன்பதாம் இடத்திலிருந்து காண வேண்டும் என்பது ஒரு வழி. ஏழாம் இடத்திற்கு எட்டாவதாக அமைவது இரண்டாம் இடமாகையால், முதல் உறவின் முடிவையும் புதிய குடும்பத்தின் தொடக்கத்தையும் அங்கேயே பார்ப்போரும் உண்டு. தமிழ்நாட்டுச் சோதிடர்களிடையே பரவலாக வழங்குவது பதினொன்றாம் இடம். இழந்ததற்கு ஈடாக வந்து சேர்வதை லாப ஸ்தானமே காட்டும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். இம்மூன்றில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு பலன் சொல்வதைவிட, குறைந்தது இரண்டு வழிகள் ஒரே விடையைத் தருகின்றனவா என்று பார்ப்பதே பாதுகாப்பானது.

இங்கு ஒரு வரலாற்றுச் செய்தியைக் குறிப்பிடாமல் கடக்க இயலாது. இருதாரம் பற்றிய பழைய விதிகளில் பெரும்பாலானவை, பல மனைவியரைக் கொள்ளக்கூடிய ஆணை மனத்திற்கொண்டு எழுந்தவை. ஆயினும் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர், பிருகத் ஜாதகத்தில் பெண்களின் ஜாதகத்தைப் பற்றிய அத்தியாயத்தில், ஏழாம் இடத்தில் பாபர்களும் சுபர்களும் கலந்து நின்றால் அப்பெண் புனர்பூ, அதாவது மறுமுறை மணம் கொள்பவள் ஆவாள் என்று தயக்கமின்றிக் குறிக்கிறார். பெண்ணின் மறுமணத்தைப் படிக்கச் சாத்திரத்தில் இடமில்லை என்று கூறுவோர் சாத்திரத்தைப் படியாதவர்களே.

மாதிரிக்கென அமைத்துக்கொண்ட ஒரு ஜாதகத்தை எடுத்துக்கொண்டால் படிக்கும் முறை விளங்கும். பெண் கடக லக்னம், அஸ்த நட்சத்திரம், கன்னி ராசி. ஏழாம் இடமான மகரத்தில் ராகு நிற்க, அதற்கு அதிபதியான சனி, இழப்பைக் குறிக்கும் பன்னிரண்டாம் இடமாகிய மிதுனத்தில் இருக்கிறார். மிதுனம், கன்னி, தனுசு, மீனம் ஆகிய நான்கும் உபய ராசிகள். இவற்றில் ஏழாம் அதிபதி நிற்பது ஒன்றுக்கு மேற்பட்ட மணத்திற்கான குறிகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. அஸ்தத்தில் பிறந்தவருக்குத் தொடக்கத்தில் சந்திர தசை. அதில் 6 ஆண்டுகள் இருப்பு எனக் கொண்டால், செவ்வாய் தசை 13 வயது வரையிலும், ராகு தசை 31 வயது வரையிலும் செல்லும். 24 வயதில் நடந்த மணம் 30 வயதில் மணமுறிவில் முடிந்ததென்றால், ஏழில் நின்ற ராகுவின் தசையிலேயே அது கூடியதும் கலைந்ததும் பொருந்தி வருகின்றன. இந்த ஒப்புமை கிடைத்த பின்னரே அடுத்த பக்கத்தைத் திருப்பலாம்.

பதினொன்றாம் இடம் ரிஷபம். அதன் அதிபதி சுக்கிரன், ஒன்பதாம் இடமான மீனத்தில் உச்சமாக இருக்கிறார். ஒன்பதுக்கு அதிபதியான குரு ரிஷபத்தில் அமர்ந்து, இருவரும் வீடு மாற்றிக்கொண்ட பரிவர்த்தனையில் நிற்கின்றனர். ஒன்பதைப் பார்க்கும் வழியும் பதினொன்றைப் பார்க்கும் வழியும் இங்கே ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதோடு குரு தம் ஒன்பதாம் பார்வையால் மகரத்தையும் நோக்குகிறார். 31 வயதில் தொடங்கி 47 வரை நடப்பதும் அவருடைய தசையே. ஆனால் குரு இந்த லக்னத்திற்கு வழக்கையும் கடனையும் குறிக்கும் ஆறாம் இடத்திற்கும் உரியவர் என்பதால், ஜீவனாம்சம் போன்ற பழைய கணக்குகள் தீராமல் மணப்பேச்சு தொடங்கினால் இழுபறி உண்டாகும் என்றும் சோதிடர் சொல்லியாக வேண்டும். நல்லதை மட்டும் படித்துவிட்டு நிறுத்துவது பாதி வாசிப்பு.

இப்பெண்ணுக்கு, மனைவியை இழந்த, பூரட்டாதி நான்காம் பாதத்தில் பிறந்த மீன ராசிக்காரரின் ஜாதகம் வருகிறதென்று கொள்வோம். அஸ்தத்திலிருந்து எண்ணினால் பூரட்டாதி 13ஆவது. 9ஆல் வகுக்க மீதி 4 என்பதால் தினப் பொருத்தம் உண்டு. மகேந்திரத்திற்கு உரிய எண்களில் 13 அடங்கும். பெண் நட்சத்திரத்திற்கு ஆண் நட்சத்திரம் தொலைவில் இருக்க வேண்டும் என்னும் ஸ்திரீ தீர்க்கம் மட்டும் எல்லையில் நிற்கிறது. 13ஐத் தாண்ட வேண்டும் என்போர் இல்லை என்பர், 7ஐத் தாண்டினால் போதும் என்போர் உண்டு என்பர். மாங்கல்ய பலத்திற்காகப் பார்க்கப்படும் ரஜ்ஜுவில் அஸ்தம் கண்டத்தையும் பூரட்டாதி உதரத்தையும் சேர்ந்தவை; ஒரே ரஜ்ஜு அன்று என்பதால் தடை இல்லை. பூரட்டாதியின் முதல் மூன்று பாதங்களாக இருந்திருந்தால் ராசி கும்பமாகி, கன்னிக்கு ஆறாவதாக விழுந்து ராசிப் பொருத்தம் கெட்டிருக்கும். ஒரு பாத வேறுபாடு முடிவை மாற்றுகிறது. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் இப்படிப்பட்ட எல்லைகளில் வேறுபடக்கூடுமாதலால், இருவருடைய ஜாதகங்களையும் ஒரே கணிதத்தில் கணித்த பிறகே ஒப்பிட வேண்டும்.

மறுமணத்தில் நட்சத்திரப் பொருத்தத்தைவிடத் தசைகளின் ஒப்பீட்டுக்கே கூடுதல் கவனம் தேவை. இருவருக்கும் நடக்கும் தசைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் முடிவது தசா சந்தி எனப்படும். அக்காலத்தில் இருவரும் ஒரே நேரத்தில் தடுமாறுவர், ஒருவரை மற்றவர் தாங்க இயலாது என்பது மரபின் அச்சம். அந்த ஆணுக்குப் பிறப்பில் குரு தசை 3 ஆண்டுகள் இருப்பெனில், சனி தசை 22 வரையிலும் புதன் தசை 39 வரையிலும் கேது தசை 46 வரையிலும் நடக்கும். அவருக்கு 41 வயது, பெண்ணுக்கு 36 வயது என்றால், அவருடைய தசை 5 ஆண்டுகளிலும் பெண்ணினுடையது 11 ஆண்டுகளிலும் முடியும்; சந்தி இல்லை.

மணமுறிவு பெற்றவருக்கும் துணையை இழந்தவருக்கும் வாசிப்பில் ஒரு வேறுபாடு உண்டு. கைம்பெண்ணின் ஜாதகத்தில் அது பெரும்பாலும் தவறாகக் கையாளப்படுகிறது. பெண்ணின் எட்டாம் இடம் மாங்கல்ய ஸ்தானம் எனப்படுவதால், கணவரை இழந்தவரின் எட்டாம் இடத்தில் ஏதேனும் ஒரு பாபரைச் சுட்டிக்காட்டி, அடுத்து வருபவருக்கும் அதுவே நேரும் என்று அஞ்சச் செய்வது எளிதாக இருக்கிறது. ஆனால் ஆயுளை அவரவர் ஜாதகத்தில், அவரவர் லக்னத்திலிருந்து எட்டாம் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் கொண்டு கணிக்க வேண்டும் என்பதே சாத்திரத்தின் அடிப்படை விதி. வரப்போகும் மணமகனின் ஜாதகத்தில் ஆயுள் பலத்தைப் பார்க்காமல் பெண்ணின் எட்டாம் இடத்தை மட்டும் பார்த்து மறுக்கும் தீர்ப்பு, இரக்கமற்றது என்பதோடு இலக்கணப் பிழையும் ஆகும். அவ்வாறு மறுக்கப்படும் குடும்பத்தார், மணமகனின் ஆயுள் ஸ்தானம் எவ்வாறு இருக்கிறது என்று சோதிடரிடம் நேராகக் கேட்கலாம். அதற்கு விடை கிடைக்காதபோது வேறொருவரிடம் இரு ஜாதகங்களையும் சேர்த்தே காட்டுவது தகும்.