பதினாறாம் நாளுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்

"பதினாறாம் நாள் விசேஷம் கழியட்டும், பேப்பர் வேலையை அப்புறம் பார்த்துக்கலாம்." துக்க வீட்டில் பெரியவர்கள் சொல்வது இது. இறப்பைப் பதிய சட்டம் தரும் கெடு 21 நாள். விசேஷம் கழிந்தால் மிஞ்சுவது ஐந்தே நாள். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு விபத்தில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கு, போலீஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடப்பதிலேயே அந்த ஐந்து நாளும் போய்விடும்.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லோரும் அந்த இடத்திலேயே இறந்துவிடவில்லை. தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்து, அடுத்தடுத்த நாட்களில் போனவர்களும் உண்டு. பதிவுச் சிக்கல் தொடங்குவது இங்கேதான். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிய வேண்டும். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரின் இறப்பை அவருடைய சொந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர் பதிய முடியாது. ஆஸ்பத்திரியே தகவல் கொடுத்து, அங்கேயே பதிவாகும். வாரிசுச் சான்றிதழுக்கோ சொந்த ஊர் தாசில்தாரிடம்தான் போக வேண்டும். மதுரைச் சான்றிதழ் கையில் இல்லாமல் அந்த மனு நகராது.

ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவாவது நிச்சயம். என்னை அதிகம் கவலைப்படுத்துவது வீட்டில் நேரும் சாவு. தீக்காயம் பட்டவர் பல வாரம் கழித்தும் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்து இறக்கலாம். "இனி ஒன்றும் இல்லை" என்று தெரிந்ததும், சொந்தப் பொறுப்பில் எழுதிக்கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறார்கள்.

ஒரு பேச்சுக்கு, மருந்துக் கலவை அறையில் வேலை பார்த்த 35 வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். மாதக் கூலி 12,000 ரூபாய். விபத்து நடந்து நாலாவது வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் உயிர் போனது. அன்று மாலையே தகனம். போலீசுக்குச் சொல்லவில்லை, பிரேதப் பரிசோதனையும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடமும் யாரும் போகவில்லை. முதல் தகவல் அறிக்கையில் அவர் இன்னும் 'காயம்பட்டவர்'. தொழிலாளர் இழப்பீட்டுக் கணக்கில் 35 வயதுக்குப் பெருக்கும் எண் 197.06. கூலியில் பாதியான 6,000-ஐ அதனால் பெருக்கினால் 11,82,360 ரூபாய். அந்தத் தொகையைக் கேட்டுப் போகும் மனைவியிடம், முதலில் கணவர் இறந்ததற்குச் சான்று கேட்பார்கள். அடுத்து, விபத்தினால்தான் இறந்தார் என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். அவர் கையில் இரண்டுமே இல்லை.

வீட்டில் நேர்ந்த சாவைத் தெரிவிக்க வேண்டியவர் குடும்பத் தலைவர். 21 நாள் தாண்டி 30 நாளுக்குள் போனால் தாமதக் கட்டணத்தோடு பதிவார்கள். அதற்குமேல் ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஓராண்டும் தாண்டினால் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வாங்கியாக வேண்டும். அதற்கு முன் 'பதிவேட்டில் இல்லை' என்ற சான்று, கிராம விசாரணை, சாட்சி சொல்ல ஊர்க்காரர்கள் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். கட்டணம் சொற்பம்தான், ஆனால் ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். தாமதமாகப் பதிந்த சான்றிதழ் இறப்பை மட்டுமே நிரூபிக்கும். தகனத்தோடு போன பிரேதப் பரிசோதனையை அது ஈடு செய்யாது.

போலி மனுக்களைத் தடுக்க இந்தக் கெடுபிடி தேவை என்பார்கள். இருக்கலாம். ஆனால் அதில் அதிகம் மாட்டுவது எழுதப் படிக்கத் தெரியாத வீடுகள்.

பெயர்ச் சிக்கலும் உண்டு. ஆம்புலன்ஸில் கூட வந்தவர் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்பார். அதுவே ஆஸ்பத்திரி ஏட்டிலும் சான்றிதழிலும் ஏறிவிடும். ஆதாரில் வேறு பெயர் இருந்தால் வங்கி நிறுத்தும், காப்பீடு நிறுத்தும். பதிவாளர் திருத்தலாம், ஆனால் பழைய பதிவை அழிக்க முடியாது, ஓரக் குறிப்பாகத்தான் எழுதுவார்.

எனவே தொழிற்சங்கத்தாருக்கும், உடன் வேலை பார்ப்பவர்களுக்கும், ஊர்ப் படித்த பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வார்டில் சேர்த்த அன்றே ஆதாரைக் காட்டி ஏட்டில் பெயரைச் சரிபாருங்கள். காயம்பட்டவர் வீட்டில் இறந்தால், தகனத்துக்கு முன் விபத்து வழக்குப் பதிவான போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனை நடக்கட்டும். வழக்குப் பிரிவு மாறட்டும். மறுநாளே கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பதியுங்கள். பதிந்தவருக்கு முதல் சான்றிதழை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது; கேட்டு வாங்குங்கள்.