சராசரிக்குத் திரும்பாத விலை

வழக்கமான விலையிலிருந்து பங்கு வெகுவாகக் கீழே போனால் மறுபடி மேலே வரும். இந்த நம்பிக்கையில் வாங்குவதைக் கணக்கில் அடக்குவதுதான் இசட் ஸ்கோர் உத்தி. கடந்த 20 நாள் முடிவு விலைகளின் சராசரியை எடுக்கிறோம். அந்த விலைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு ஆடின என்பதைத் திட்ட விலக்கம் சொல்லும்.

z = (இன்றைய விலை − சராசரி) ÷ திட்ட விலக்கம்

ஒரு பங்கின் சராசரி 500 ரூபாய், திட்ட விலக்கம் 10, இன்றைய விலை 478 என்று வைத்துக்கொள்வோம். இசட் மைனஸ் 2.2. மைனஸ் 2-க்குக் கீழே போனால் வாங்குவது பரவலான விதி. இசட் பூஜ்யத்தைத் தொட்டதும் விற்க வேண்டும். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். பணம் போவது வெளியேறும் விதியில்தான்.

“இசட் மைனஸ் 3.5 வந்தால் நஷ்டத்தோடு விற்றுவிடுவேன்” என்று ஒருவர் முடிவு செய்கிறார். மறுநாள் விலை 465, அதற்கடுத்த நாள் 455. பழைய கணக்கில் இது மைனஸ் 4.5. ஆனால் சரிந்த விலைகளும் 20 நாள் கணக்குக்குள் வந்துவிட்டதால் சராசரி சுமார் 496-க்கு இறங்கி, திட்ட விலக்கம் சுமார் 16 ஆகியிருக்கும். இன்று திரையில் தெரியும் இசட் மைனஸ் 2.6 மட்டுமே. அபாய மணி அடிக்காது. இன்றைய விலையையும் சேர்த்து 20 நாள் எடுத்தால், எவ்வளவு பெரிய சரிவிலும் இசட் மைனஸ் 4.36-க்குக் கீழே போகவே முடியாது. மைனஸ் 4.5-ல் நிறுத்தம் வைத்தவருக்கு நிறுத்தமே கிடையாது!

பூஜ்யத்திலும் இதே பொறி இருக்கிறது. விலை 470-ஐ ஒட்டியே ஒரு மாதம் தள்ளாடினால் சராசரி தானே 470-க்கு இறங்கி வரும். இலக்கு எட்டியதாக இசட் காட்டும். கையில் எட்டு ரூபாய் நஷ்டம்.

அதனால் வாங்கும் அன்றே நிறுத்த விலையை ரூபாயில் எழுதி வைக்க வேண்டும். நம் உதாரணத்தில் 500-லிருந்து மூன்றரை திட்ட விலக்கம் கழித்தால் 465. அங்கே விற்றிருந்தால் நஷ்டம் 13 ரூபாய். பிறகு சராசரி எங்கே நகர்ந்தாலும் அந்த 465 மாறக் கூடாது. கூடவே ஒரு கால வரம்பும் தேவை: பத்து வர்த்தக நாளில் திரும்பாத பங்கை விற்றுவிடலாம். பத்து என்பது என் விருப்பம். 20 நாள் சராசரியே உருமாறுவதற்குள் வெளியேறுவதுதான் நோக்கம்.

காரணமில்லாத சரிவுதான் பெரும்பாலும் திரும்பும். நிறுவனத்தின் அடித்தளமே ஆடும் செய்தி வந்தபின் பழைய சராசரிக்கு அர்த்தமில்லை. 2018 செப்டம்பரில், ராணா கபூரின் தலைமைப் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கிய செய்தியால் யெஸ் வங்கிப் பங்கு ஒரே நாளில் முப்பது சதவீதத்தை ஒட்டிச் சரிந்து, 230 ரூபாய்க்குக் கீழே முடிந்தது. இசட் மட்டும் பார்த்தால் அருமையான வாங்கும் வாய்ப்பு. 2020 மார்ச்சில் அந்த வங்கிமீது மத்திய அரசு தற்காலிகத் தடை விதித்த மறுநாள், அதே பங்கு 20 ரூபாய்க்கும் கீழே முடிந்தது.