நிஃப்டி ஃபியூச்சர்ஸின் நியாய விலை

தேசியப் பங்குச் சந்தையில் 2000 ஜூன் மாதம் முதல் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் வர்த்தகம் நடந்துவருகிறது. திரையில் நிஃப்டி 24,000 என்று ஓடும் அதே நொடியில், ஒரு மாதம் கழித்து முடியும் ஃபியூச்சர்ஸ் 24,150 என்று ஓடலாம். இந்த 150 புள்ளியைப் பார்த்ததும் ‘சந்தை மேலே போகப்போகிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அதற்கும் எதிர்பார்ப்புக்கும் தொடர்பு இல்லை. அதில் பெரும்பங்கு வெறும் வட்டிக் கணக்கு.

நிஃப்டியில் உள்ள 50 பங்குகளையும் அதே விகிதத்தில் இன்றே வாங்கி ஒரு மாதம் வைத்திருப்பது ஒரு வழி. இன்று ஃபியூச்சர்ஸ் வாங்கி வைப்பது இன்னொரு வழி. மாத முடிவில் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும், ஏனென்றால் எக்ஸ்பைரி நாளில் ஃபியூச்சர்ஸ் கணக்கு நிஃப்டியின் முடிவு மதிப்பிலேயே பணமாகத் தீர்க்கப்படுகிறது. வித்தியாசம் இடைப்பட்ட காலத்தில் இருக்கிறது. பங்கை வாங்கியவர் முழுப் பணத்தையும் போட்டு வட்டியை இழக்கிறார். ஈவுத்தொகை அவருக்கு வருகிறது. ஃபியூச்சர்ஸ் வாங்கியவருக்கு அந்த வட்டி மிச்சம், ஈவுத்தொகை கிடையாது. அதனால் ஃபியூச்சர்ஸின் நியாய விலை இப்படி அமைகிறது:

F = S × (1 + r × t) − D

S என்பது நிஃப்டி, r ஆண்டு வட்டி, t ஆண்டின் பின்னமாகச் சொன்ன காலம், D அந்தக் காலத்துக்குள் வரவிருக்கும் ஈவுத்தொகை, புள்ளிகளில். நிஃப்டி 24,000, வட்டி 7 சதவீதம், 30 நாள் என்று வைத்துக்கொண்டால் வட்டி 138 புள்ளி. ஈவுத்தொகை 18 புள்ளி என்றால் நியாய விலை 24,120. ரேஷன் கடையின் நியாய விலையைப் போல இது யாரும் நிர்ணயித்த விலை அல்ல. இதிலிருந்து விலகினால் யாராவது லாபம் எடுத்துவிடுவார்கள் என்பதுதான் இதன் ஒரே காவல்.

அந்தக் காவலுக்குச் செலவு உண்டு. ஃபியூச்சர்ஸ் விலை அதிகமாக இருந்தால் ஆர்பிட்ரேஜ் செய்பவர் பங்குகளை வாங்கி, ஃபியூச்சர்ஸை விற்க வேண்டும். டெலிவரியாகப் பங்கு வாங்கும்போது பரிவர்த்தனை வரி (எஸ்.டி.டி.) 0.1 சதவீதம், அதாவது 24 புள்ளி. பிறகு விற்கும்போது இன்னொரு 24. வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், ஏறக்குறைய 4. ஃபியூச்சர்ஸ் விற்பனை மீதான வரியைப் பட்ஜெட்டுகள் மாற்றிவந்திருக்கின்றன, 0.02 சதவீதம் என்று கொண்டால் 5 புள்ளி. 50 பங்குகளையும் ஒரே நேரத்தில் வாங்கும்போது நாமே விலையை ஏற்றிவிடுவது, விற்கும்போது நாமே இறக்கிவிடுவது, தரகு எல்லாம் சேர்த்து 23 என்று வைத்தால் மொத்தம் 80 புள்ளி. ஆக, 24,200-ஐத் தாண்டினால்தான் அவருக்கு வேலை. முதலில் பார்த்த 24,150 நியாய விலையைவிட 30 புள்ளி அதிகம்தான். ஆனால் அந்த முப்பதை எடுக்க எண்பது செலவாகும்.

ஃபியூச்சர்ஸ் 24,230-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 24,000-ஐக் கடன் வாங்கிப் பங்குகளை வாங்குகிறார், ஃபியூச்சர்ஸை 24,230-க்கு விற்கிறார். மாத முடிவில் நிஃப்டி ஏறினாலும் இறங்கினாலும் பங்குகளும் ஃபியூச்சர்ஸும் சேர்ந்து 24,230 தந்துவிடும். ஈவுத்தொகை 18 சேர்ந்து 24,248. கடனும் வட்டியும் 24,138 போக 110 மிச்சம். செலவு 80 கழிய, கையில் 30 புள்ளி.

கீழ்ப்பக்கம் இதன் நேர்மாறாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும், அப்படி இல்லை. ஃபியூச்சர்ஸ் மலிவாக இருந்தால் அதை வாங்கி, பங்குகளை விற்க வேண்டும். கையில் பங்கு இல்லாதவர் இரவல் வாங்கித்தான் விற்க முடியும். பங்கு இரவலுக்கான எஸ்.எல்.பி. முறை இந்தியாவில் 2008-லேயே வந்துவிட்டாலும் அங்கே வியாபாரம் மெலிந்தது. 50 பங்குகளும் வேண்டிய அளவில் ஒன்றாகக் கிடைப்பது அரிது. இரவல் கட்டணம் மாதத்துக்கு 80 புள்ளி, விற்ற பணம் பிணையாக முடங்குவதால் இழக்கும் வட்டி 40 புள்ளி என்று ஓர் உதாரணத்துக்கு வைத்தால், வழக்கமான 80-உடன் சேர்ந்து 200 ஆகிறது. கீழ் எல்லை 23,920. அதாவது ஃபியூச்சர்ஸ் ஸ்பாட்டைவிட 80 புள்ளி டிஸ்கவுண்டில் கிடந்தாலும் இவரால் ஒன்றும் செய்ய முடியாது. 23,920-க்கும் 24,200-க்கும் இடையே உள்ள இந்தப் பட்டைக்குள் விலை எங்கே நின்றாலும் இவர் அசைய மாட்டார்.

ஆனால் பட்டை ஆளுக்கு ஆள் வேறு. ஏற்கெனவே இந்தப் பங்குகளை வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு இரவல் தேவையில்லை. விற்று, பணத்தை வட்டிக்குப் போட்டு, ஃபியூச்சர்ஸ் வாங்கினால் போதும். பின்னர் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். செலவு மீண்டும் 80 என்றால் அதன் கீழ் எல்லை 24,040. பழைய லாபத்தின் மீதான மூலதன வரி அதைத் தடுத்தால் எல்லை இன்னும் இறங்கும். மேல்பக்கத்திலும் அப்படியே. சென்ற மாதமே பங்குகளை வாங்கி ஃபியூச்சர்ஸை விற்றுவைத்த ஆர்பிட்ரேஜ் ஃபண்ட், எக்ஸ்பைரியில் பங்குகளை விற்காமல் அடுத்த மாத ஃபியூச்சர்ஸை விற்று ‘ரோல்’ செய்கிறது. பங்குப் பக்கத்துச் செலவு இந்த மாதம் இல்லை. புதிதாக வருபவர் தொடாத 24,150 அதற்குப் போதுமான விலை. சந்தையில் தெரியும் எல்லை எப்போதும் செலவு குறைந்தவரின் எல்லைதான், அவரிடம் பணமும் பங்கும் தீரும் வரை.

பட்டைக்கு வெளியே விலை தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சொந்தக் கணக்கை. குறியீடு ஒவ்வொரு பங்கின் கடைசி வர்த்தக விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. சந்தை திடீரென்று சரியும்போது ஃபியூச்சர்ஸ் முதலில் இறங்கிவிடும்; சில பங்குகளின் ‘கடைசி விலை’ பழையதாகவே நிற்கும். அப்போது தெரியும் டிஸ்கவுண்டில் ஒரு பகுதி கானல்நீர். 50 பங்குகளுக்கும் அந்த நொடியில் வாங்குவோர் கேட்கும் விலையை வைத்துக் குறியீட்டை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இன்னொரு பொறி D. நிஃப்டி ஈவுத்தொகைக்காகத் திருத்தப்படுவதில்லை. இந்திய நிறுவனங்கள் பல கோடை முடிவிலிருந்து ஆகஸ்ட் வரை ஈவுத்தொகை தருவதால், அந்த மாதங்களில் D-யை மறந்தவருக்கு ஃபியூச்சர்ஸ் மலிவாகத் தெரியும்.

கணக்கு சரியாக இருந்தும் பணமுடை வரலாம். ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தை அன்றன்றே ரொக்கமாகக் கட்ட வேண்டும். பங்கின் லாபமோ விற்கும் வரை காகிதத்தில்தான். மேற்சொன்ன 24,230 வியாபாரத்தில் நிஃப்டி ஒரு வாரத்தில் 1,000 புள்ளி ஏறினால், ஏறக்குறைய அதே அளவு நஷ்டத்தை ரொக்கமாகக் கட்டிவிட்டு மாத முடிவு வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பணத்தைக் கடன் வாங்கினால் அதன் வட்டியால் 30 புள்ளி லாபம் கரையத் தொடங்கும். கடனே கிடைக்காவிட்டால் பங்குகளையும் ஃபியூச்சர்ஸையும் அன்றைய விலையில் பாதியிலேயே முடித்துக்கொள்ள வேண்டியதுதான். அன்று ஃபியூச்சர்ஸின் பிரீமியம் இன்னும் விரிந்திருந்தால், நிச்சயமாகத் தெரிந்த 30 புள்ளி நஷ்டமாக மாறும்.