கேட்டவர் யார் என்பதையும் எழுத வேண்டும்

1955-ல் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போனார். அங்கே 7,000-க்கும் அதிகமான நோயாளிகள் இருந்தார்கள். விளையாட்டுப் பிரிவு அதிகாரியின் உதவியாளர் என்ற பெயரில் ஓராண்டு, பகல் பொழுதை நோயாளிகளோடு கழித்தார். ஊழியர்களோடு நெருங்கிப் பழகுவதைத் தவிர்த்தார், சாவியும் வைத்துக்கொள்ளவில்லை. சாவி வைத்திருப்பவரிடம் நோயாளி எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1961-ல் வந்த ‘அசைலம்ஸ்’ நூலின் முன்னுரையில் இதையெல்லாம் சொல்லிவிடுகிறார். மனநல மருத்துவத்தின் மேல் தனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை என்கிறார். நடுத்தர வர்க்க ஆணின் கண்ணால் பார்த்ததால், ஏழை நோயாளிகள் எளிதாகத் தாங்கிக்கொண்டதற்கும் தான் வருந்தியிருக்கலாம் என்கிறார். ஆய்வாளர் தன்னையே விசாரித்துக்கொள்வதற்கு இது நல்ல முன்மாதிரி.

ஆனாலும் அது பாதிதான். அவர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார் என்று தெரிகிறது. அந்தச் சாய்வு முடிவுகளை எவ்வளவு மாற்றியது என்று தெரியவில்லை. எத்தனை பேரிடம் பேசினார், அவர்களை எப்படித் தேர்ந்தார், மருத்துவமனையால் நிம்மதி பெற்றவர்களின் பேச்சை என்ன செய்தார் என்று சரிபார்க்க வாசகருக்கு வழியில்லை. இன்றைய ஆய்வுக் கட்டுரைகளின் ஆய்வுமுறைப் பகுதி இந்த மீதிப் பாதியையும் தர வேண்டும். நேர்காணல் ஆய்வுகளுக்காக 2007-ல் வெளியான ‘கோரெக்’ பட்டியலில் 32 கேள்விகள் உள்ளன. பேட்டி எடுத்தவர் யார், என்ன தொழில், நோயாளியை முன்பே தெரியுமா என்பவைதான் அதில் முதலில் வருகின்றன.

ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். விருப்பமில்லாமல் வார்டில் சேர்க்கப்பட்டவர்களை அங்குள்ள மருத்துவரே பேட்டி காண்கிறார். “மருந்து நல்லா வேலை செய்யுது சார், எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?” என்கிறார் ஒருவர். இது அனுபவமா, விடுதலை மனுவா? “எங்கள் சார்புகளை மனத்தில் கொண்டு ஆய்வு செய்தோம்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. முதல் சில பேட்டிகளில் எல்லோரும் வார்டைப் புகழ்ந்தார்கள். அதைக் கவனித்து, வீடு திரும்பியவர்களை வெளியாள் ஒருவரைக் கொண்டு பேட்டி கண்டோம். வார்டுக்குள் ஒருவரும் சொல்லாத பயத்தை அவர்கள் சொன்னார்கள். பழைய பேட்டிகளை அதன் பிறகு மறுபடி படித்தோம். பயமே இல்லை என்ற இருவரின் பேச்சையும் சேர்த்திருக்கிறோம். இப்படி எழுதினால்தான் சார்பு எங்கே புகுந்தது, அதற்கு என்ன செய்தார்கள் என்று வாசகர் தானே எடைபோட முடியும்.

பேட்டியின் எழுத்து வடிவத்தை நோயாளியிடமே காட்டிச் சரிபார்ப்பது இன்னொரு வழக்கம். மனநோயில் இது சிக்கலானது. குணமான பிறகு ஒருவர், “அப்ப ஏதோ உளறியிருக்கேன், எடுத்துடுங்க” என்று சொல்லலாம். எடுக்கச் சொல்வது அவர் உரிமை, எடுத்துவிட வேண்டும். அவர் சம்மதித்தால் மட்டும் இரண்டு பேச்சையும், எது எந்த நிலையில் சொன்னது என்ற குறிப்போடு, பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.