ஃபேன் சுத்துது, திரை மட்டும் கறுப்பு

போன வாரம் நண்பருக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணேன். பட்டனை அமுக்கினதும் ஃபேன் எல்லாம் சுத்துச்சு, திரையில ஒண்ணும் வரல. ராமைக் கழட்டி மாட்டியே அரை மணி நேரம் போச்சு. கடைசியில் பார்த்தால், மதர்போர்டின் மேல் மூலையில் ப்ராசஸருக்கான 8 பின் பவர் கேபிளை நான் மாட்டவே இல்லை! 24 பின் கேபிள் போர்டின் மற்ற பாகங்களுக்கு. ப்ராசஸருக்கு 12 வோல்ட் இந்தத் தனிக் கேபிளில்தான் வரும்.

அது 4+4 என்று பிரியும். பாதியை மட்டும் செருகினாலும் பல போர்டுகள் ஓடிவிடும், அதுதான் வம்பு. ப்ராசஸர் 120 வாட் இழுத்தால் 10 ஆம்பியர். நாலு கம்பியில் 2.5 வீதம் போக வேண்டியது, இரண்டில் 5 வீதம் போகும். ஒவ்வொரு பின்னிலும் சூடு நாலு மடங்கு. வேலை கூடும்போது மெஷின் பட்டென்று அணையலாம், கனெக்டர் கருகலாம். கொக்கி ‘க்ளிக்’ என்று விழும்வரை அழுத்துங்க.