புள்ளியை எங்கே வைப்பது?

பாய்ம இயக்கவியல் வினாத்தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் கணக்கு இது. திறந்த தொட்டியிலிருந்து 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சைஃபன் குழாய் கிளம்புகிறது. நீர்மட்டத்துக்கு மேலே 2 மீட்டர் ஏறி வளைந்து, நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே திறந்த வெளியில் தண்ணீரைக் கொட்டுகிறது. எவ்வளவு தண்ணீர் வரும்? உச்சி வளைவில் அழுத்தம் என்ன?

உராய்வு இல்லையென்றால் அழுத்தம், வேகம், உயரம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை வழியெங்கும் மாறாது என்கிறது பெர்னூலி சமன்பாடு. மூன்றையும் மீட்டரில் அளந்தே கூட்டுகிறோம். இரண்டு புள்ளிகளில் எழுதினால் மொத்தம் ஆறு உறுப்புகள்; அவற்றில் ஐந்து தெரிந்தால்தான் ஆறாவது கிடைக்கும்.

பலர் முதல் புள்ளியைத் தண்ணீருக்குள் இருக்கும் குழாயின் வாயில் வைத்துவிடுகிறார்கள். அங்கே தண்ணீர் ஏற்கெனவே ஓடுகிறது. வேகமும் தெரியாது, அழுத்தமும் ஆழத்துக்கு ஏற்றபடி இருக்காது. தொட்டியின் நீர்மட்டத்தில் வைத்தால் வேலை எளிது. வளிமண்டல அழுத்தத்தைச் சுழியாகக் கொண்டால் அங்கே அழுத்தம் சுழி. வேகமும் ஏறக்குறைய சுழி. தொட்டியின் விட்டம் 2 மீட்டர் என்றால் அதன் பரப்பு குழாயைப்போல் 1600 மடங்கு. ஆகவே தொடர்ச்சிச் சமன்பாட்டின்படி நீர்மட்டம் இறங்கும் வேகம் குழாயின் வேகத்தில் 1600இல் ஒரு பங்குதான்.

இரண்டாவது புள்ளி தண்ணீர் வெளியேறும் முனை. அங்கும் அழுத்தம் சுழி. ஆகவே 3 மீட்டர் உயரம் முழுவதும் வேகமாக மாறுகிறது:

v = √(2 × 9.81 × 3) = 7.67 மீ/நொடி

குழாயின் பரப்பால் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 15 லிட்டர்.

உச்சிக்கு வருவோம். குழாய் ஒரே விட்டம் என்பதால் அங்கும் அதே வேகம். அதற்கு 3 மீட்டர் செலவு. ஏறிய உயரத்துக்கு 2 மீட்டர். நீர்மட்டத்தில் கூட்டுத்தொகை சுழி என்பதால் உச்சியில் அழுத்தம் −5 மீட்டர். வளிமண்டலம் 10.3 மீட்டர் நீருக்குச் சமம், எனவே 5.3 மீட்டர் மிச்சம் இருக்கிறது, குழாய் ஓடும்.

வேகத்தைக் கூட்ட நினைத்து முனையை 8 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினால் மிச்சம் 0.3 மீட்டர்தான். சாதாரண வெப்பநிலையிலேயே தண்ணீர் ஆவியாகிவிடும் எல்லை அது. கரைந்திருக்கும் காற்று அதற்கு முன்பே பிரிந்து உச்சியில் சேர்ந்து ஓட்டத்தை அறுத்துவிடும். விடைத்தாளில் −11 மீட்டர் என்று வந்தால் அப்படி ஒரு ஓட்டமே கிடையாது என்று பொருள்.

உச்சியைக் காப்பாற்ற, 3 மீட்டர் ஆழத்திலிருக்கும் முனையில் 25 மில்லிமீட்டர் நாசில் ஒன்றைப் பொருத்தலாம். வெளியேறும் வேகம் அதே 7.67தான், ஏனென்றால் அந்த இரண்டு புள்ளிகளில் எதுவும் மாறவில்லை. ஆனால் தொடர்ச்சிப்படி குழாய்க்குள் வேகம் கால்பங்காகிறது. அதற்கான செலவு 3 மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 0.19 மீட்டர். உச்சி அழுத்தம் −2.19 மீட்டருக்கு ஏறிவிடும். அதற்கு விலையாக, கிடைக்கும் தண்ணீரும் நொடிக்கு 3.8 லிட்டராகக் குறையும்.