ஆப்ப சோடாவும் 800 மீட்டரும்

ஆப்பத்துக்கும் பஜ்ஜி மாவுக்கும் ஒரு சிட்டிகை போடுவோமே, அந்த ஆப்ப சோடாவைத்தான் நடுத்தர தூர ஓட்டக்காரர்கள் கிராம் கணக்கில் நிறுத்து, போட்டிக்கு முன்னாடி குடிக்கிறாங்க. வேதியியல் பெயர் சோடியம் பைகார்பனேட். புது மோஸ்தர் எதுவும் இல்லை. 1930களிலேயே ஹார்வர்டில் டில் என்பவரும் கூட்டாளிகளும் இரத்தத்தைக் காரமாக்கினால் உழைப்புத் திறன் கூடுமான்னு சோதித்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த ஆய்வு 1983இல் வில்க்ஸ், கிளெட்ஹில், ஸ்மித் என்ற மூவர் வெளியிட்டது. பயிற்சி பெற்ற ஆறே ஆறு ஓட்டக்காரர்கள். ஒவ்வொருவரும் 800 மீட்டரை ஒருமுறை எதுவும் குடிக்காமல், ஒருமுறை போலி மருந்தோடு, ஒருமுறை சோடாவோடு ஓடினார்கள். சோடா குடித்த ஓட்டத்தில் சராசரி நேரம் எதுவும் குடிக்காத ஓட்டத்தைவிட ஏறக்குறைய 3 விநாடி குறைவு. ஆறு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனா 800 மீட்டரில் 3 விநாடி என்பது முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையிலான தூரம். பின்னாடி வந்த ஆய்வுகளில் பலன் பொதுவாக இதைவிடச் சின்னது, ஒன்றிரண்டு சதவீதம் என்ற அளவில்.

சரி, உள்ளே என்ன நடக்குது? இரண்டு நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடும்போது, ஆக்சிஜன் வந்து சேரும்வரை தசை காத்திருக்க முடியாது. சர்க்கரையை அவசர அவசரமாக உடைத்து ஆற்றல் எடுக்கும். அந்த வேகத்தில் ஹைட்ரஜன் அயனிகள் குவிகின்றன. அமிலம் என்று நாம் சொல்வது இவற்றைத்தான். கூடவே உருவாகும் லாக்டேட் மேல் எல்லாரும் பழி போடுவார்கள். பாவம், அது வெறும் உடன் பயணி. இதயத்துக்கு நல்ல எரிபொருளும்கூட. ஓய்வில் 7.0, 7.1 என்று இருக்கும் தசையின் பி.எச். 6.5 பக்கம் இறங்கிவிடும். அந்த நிலையில் சர்க்கரையை உடைக்கும் நொதிகளும், தசை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும் பிடிப்பும் மந்தமாகின்றன. களைப்புக்கு அமிலம் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். பாஸ்பேட்டுக்கும் பொட்டாசியத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிற இடம். குடித்த சோடா நேரா தசைக்குள் போய் அமிலத்தை அணைக்கிறது என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை. தசைச் செல்லின் சவ்வு பைகார்பனேட்டை எளிதில் உள்ளே விடாது. அது இரத்தத்திலும் செல்லைச் சுற்றியுள்ள திரவத்திலும்தான் நிற்கும். உள்ளே இருக்கிற அமிலத்தைத் தாங்குவது கார்னோசின், பாஸ்பேட், புரதங்கள் ஆகிய உள்ளூர் ஆட்களின் வேலை. ஆனால் சவ்வில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. ஒரு லாக்டேட்டோடு ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்து வெளியே தள்ளும். வெளியில் அமிலம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு வேகமாகத் தள்ளும். ஆக, சோடா செய்வது வீட்டுக்குள் வந்து பெருக்குவது இல்லை. வாசல் சாக்கடையை அடைப்பில்லாமல் வைத்திருப்பது. சோடா குடித்தவர்களின் இரத்தத்தில் லாக்டேட் அளவு கூடுதலாகத் தெரிவது இதனால்தான். அது கெட்ட செய்தி இல்லை, தசையிலிருந்து சரக்கு வெளியேறுகிறது என்பதற்கான தடயம்.

வெளியே வந்த அமிலத்துக்கு நடப்பது இது:

HCO₃⁻ + H⁺ → H₂CO₃ → CO₂ + H₂O

கடைசியில் வரும் கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் ஊதித் தள்ளிவிடும். சாதாரணத் தாங்கல் கரைசல் ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும். இது நிரம்புவதில்லை, மூச்சு வழியாகக் காலியாகிக்கொண்டே இருக்கிறது. அதுதான் இதன் பலம். இரத்தத்தில் வழக்கமாக லிட்டருக்கு 24 மில்லிமோல் அளவுக்கு இருக்கும் பைகார்பனேட், சோடா குடித்தபின் 30 வரை ஏறும். தேவையான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.2 முதல் 0.3 கிராம்.

இந்த அளவில்தான் வயிற்றுக்கு வில்லங்கம். 70 கிலோ ஆளை எடுத்துக்கொள்வோம். 0.3 கிராம் வீதம் 21 கிராம். ஆப்ப மாவில் போடும் சிட்டிகையோடு ஒப்பிட்டுப் பாருங்க. இது 250 மில்லிமோல். முழுசும் அமிலத்தோடு சேர்ந்தால் ஆறு லிட்டருக்கு மேல் வாயு வரும். நல்லவேளை, வெறும் வயிற்றில் அவ்வளவு அமிலம் கிடையாது. சில மில்லிமோல்தான் இருக்கும். ஒரு மில்லிமோலுக்குச் சுமார் 25 மில்லி வாயு. ஏப்பமும் உப்புசமும் வர அது போதும், ஆனால் பெரிய தொல்லை அதனால் இல்லை.

பெரிய தொல்லை மிச்சமிருக்கும் உப்பு. 250 மில்லிமோல் சோடா கரையும்போது சோடியம் 250, பைகார்பனேட் 250 என்று 500 துகள் அலகு ஆகிறது. அரை லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் லிட்டருக்கு 1000. இரத்தத்தின் அடர்த்தி ஏறக்குறைய 290. அதாவது மூன்று மடங்குக்கு மேல் அடர்ந்த உப்புக்கரைசல் குடலுக்குள் போய் நிற்கிறது. குடல் என்ன செய்யும்? உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்து அதை நீர்க்கவைக்கும். வயிறு இரைச்சல், முறுக்கல், குமட்டல், கடைசியில் பேதி. பேதி மாத்திரைகள் சில வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். கரைசலை இரத்தத்துக்குச் சமமாக்க வேண்டுமானால் 1.7 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதைக் குடித்துவிட்டு யார் 800 மீட்டர் ஓடுவது?

அதனால் ஆளாளுக்கு ஒரு வழி பண்ணுகிறார்கள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் விழுங்காமல் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பிரித்து எடுப்பது. கூடவே ரொட்டி போன்ற மாவுச்சத்து கொஞ்சம் சாப்பிடுவது. இரண்டுமே தொந்தரவைக் குறைக்கின்றன. இரத்தத்தில் பைகார்பனேட் உச்சம் தொடும் நேரம் ஒருவருக்கு ஒரு மணி, இன்னொருவருக்கு மூன்று மணி என்று மாறுவதால், போட்டி நாளில் முதல்முறையாக முயல்வது சூதாட்டம். பயிற்சி நாளில் குடித்துப் பார்த்து, எப்போது வயிறு கலங்குகிறது, எப்போது அடங்குகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளணும். வயிற்றின் அமிலத்தைத் தாண்டிக் குடலில் கரையும் பூச்சு மாத்திரைகள் உண்டு. 2023இல் ஸ்வீடனின் மார்ட்டென் நிறுவனம் குட்டி மாத்திரைகளைக் கூழுக்குள் பொதித்து விற்க ஆரம்பித்தது; விலைதான் ஆப்ப சோடாவுக்குக் கொஞ்சமும் பொருந்தாது.

இன்னொரு சுவாரசியம்: மனிதர்களுக்கு இது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை, பந்தயக் குதிரைகளுக்குத் தடை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சோடாக் கரைசலை இறக்கும் வழக்கத்துக்கு ‘மில்க்‌ஷேக்’ என்றே பெயர். இரத்தத்தின் மொத்தக் கார்பன் டை ஆக்சைடை அளந்து பிடிக்கிறார்கள்.

மாரத்தானுக்கோ காலை நடைக்கோ இதை யாரும் குடிக்க வேண்டாம். அங்கே அமிலம் இந்த அளவு சேருவதே இல்லை. ஒரு நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் வரையான, மூச்சு முட்டும் உழைப்புக்குத்தான் இது. வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் குடிப்பதும் ஆகாது. அப்படி வாயு சேர்ந்து இரைப்பை கிழிந்த சம்பவங்கள் அரிதாகவாவது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பூச்சு மாத்திரையில் வயிறு தப்பித்தாலும் அந்த 21 கிராமில் இருக்கும் 5.75 கிராம் சோடியம் குறையப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 2 கிராமுக்குக் கீழே என்கிறது. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களுக்கு, ஒரே காலையில் மூன்று நாள் பங்கு.